வெயில் நேரத்துக்குள் ஒரு ஊரின் குடிநீர்

சூரிய மின்சாரத்தில் ஓடும் கிராமக் குடிநீர் நிலையத்தில் தண்ணீர் மூன்று கட்டங்களைக் கடக்கிறது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மேலேறி முதல் தொட்டியில் விழுகிறது. அங்கிருந்து சுத்திகரிப்பு இயந்திரத்தின் வழியாக இரண்டாம் தொட்டிக்குப் போகிறது. அதிலிருந்து குடங்களுக்கும் கேன்களுக்கும் இறங்குகிறது. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. எந்த வேலையை எந்த நேரத்தில் செய்வது என்று வகுத்துவிட்டால் பேனல்களின் எண்ணிக்கை குறையும், பேட்டரியின் தேவை ஏறக்குறைய இல்லாமலே போகும், இயந்திரமும் நீண்ட நாள் உழைக்கும். அதை வகுக்காமல் பேனல்களை மட்டும் கூட்டிக்கொண்டே போனாலும் மேகம் வந்த நாளில் தண்ணீர் வராது.

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோரப் பகுதி இதற்குப் பொருத்தமான இடம். அங்கே பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும். மழை நீரைத் தேக்கும் ஊருணிகள் கோடையில் வற்றிவிட்டால் குடிப்பதற்கு வேறு வழி தேட வேண்டும். வெயிலுக்கோ பஞ்சமில்லை. 2016இல் 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் நிலையம் அமைந்த கமுதி இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. இங்கே விவரிக்கப்படுவது அந்தப் பகுதியின் நிலைமைகளை வைத்துப் போட்ட ஒரு மாதிரிக் கணக்கு.

எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம்

500 பேர் வாழும் ஊர் என்று வைத்துக்கொள்ளலாம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர். நீரின் தரம் கெட்ட ஊர்களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வழியாக 8 முதல் 10 லிட்டர் தர வேண்டும் என்பதே ஜல் ஜீவன் திட்டத்தின் இடைக்கால அளவும்கூட. ஆக ஊருக்கு ஒரு நாளைக்கு 5,000 லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும்.

கிணற்று நீரில் ஒரு லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் உப்புகள் கரைந்திருப்பதாகக் கொள்வோம். டி.டி.எஸ். மீட்டர் காட்டுவது இந்த எண்ணைத்தான். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரத்தில் 500 என்பது ஏற்கத்தக்க அளவு. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது அந்தத் தரம். ஆக இந்தக் கிணறு விளிம்பில் நிற்கிறது. கோடையில் அது எல்லையைத் தாண்டிவிடும். கரைந்த உப்பைக் காய்ச்சியோ வடிகட்டியோ நீக்க முடியாது, ஆர்.ஓ. எனப்படும் சவ்வு முறை தேவைப்படுகிறது.

ஆர்.ஓ. இயந்திரத்தில் உப்பு நீரை உயர் அழுத்தப் பம்ப் ஒன்று நுண்ணிய சவ்வின் மீது தள்ளுகிறது. நீர் சவ்வைக் கடக்கிறது, உப்பின் பெரும்பகுதி இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. உள்ளே போகும் நீரில் பாதி நல்ல நீராகவும் பாதி இருமடங்கு உப்பேறிய கழிவு நீராகவும் வெளியேறும்படி அமைப்பது சிறு நிலையங்களில் பாதுகாப்பானது. மணிக்கு 1,000 லிட்டர் நல்ல நீர் தரும் இயந்திரம் என்றால் மணிக்கு 2,000 லிட்டர் கிணற்று நீர் உள்ளே போக வேண்டும். ஐந்து மணி நேர ஓட்டத்தில் ஊருக்கான 5,000 லிட்டர் கிடைத்துவிடும்.

அந்த 2,000 லிட்டரை 12 பார் அழுத்தத்தில் தள்ள 2 குதிரைத்திறன் பம்ப் போதும். அது சுமார் ஒன்றரை கிலோவாட் எடுக்கும். மணல் வடிகட்டிக்கும் கரி வடிகட்டிக்கும் நீரை அனுப்பும் சிறிய மோட்டார், மருந்து செலுத்தும் பம்ப், கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் சேர்ந்தால் இரண்டு கிலோவாட். ஐந்து மணி நேரத்துக்கு 10 யூனிட்.

கிணற்று மோட்டாரின் கணக்கு தனி. சுத்திகரிப்புக்கு 10,000 லிட்டர், வடிகட்டிகளைக் கழுவ இன்னும் 1,000 லிட்டர், ஆக நாளுக்கு 11,000 லிட்டர் மேலேற வேண்டும். நீர்மட்டம் 40 மீட்டர் ஆழத்தில் இருந்து, தொட்டியின் உயரமும் குழாய் உராய்வும் சேர்ந்தால் மொத்த ஏற்றம் 48 மீட்டர். ஒரு குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டார் 0.9 கிலோவாட் எடுத்துக்கொண்டு மணிக்கு சுமார் 2,750 லிட்டர் தரும். நான்கு மணி நேரம் ஓட வேண்டும், செலவு 3.6 யூனிட். விநியோகத்தையும் விளக்கையும் சேர்த்தால் முழு நிலையத்துக்கும் ஒரு நாளைக்கு 14 யூனிட்.

யூனிட் கணக்கு இதோடு முடிந்துவிடுகிறது. பலர் இங்கேயே நிறுத்திக்கொண்டு, 14 யூனிட் தரும் பேனல்களை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்த 14 யூனிட்டும் சூரியனிடமிருந்து ஒரே சீராக வருவதில்லை. காலை எட்டு மணிக்குக் கிடைக்கும் ஒளி நண்பகல் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இயந்திரங்களுக்கு வேண்டியது அந்தந்த நேரத்தின் கிலோவாட். நாள் முடிவில் கூட்டிப் பார்க்கும் யூனிட் அவற்றை ஓட்டாது.

இரண்டு மோட்டார்கள், இரண்டு குணங்கள்

கிணற்று மோட்டார் பொறுமைசாலி. வேகத்தை மாற்றித் தரும் வி.எஃப்.டி. அல்லது சோலார் பம்ப் கன்ட்ரோலர் வழியாக இணைத்தால் ஒளி குறையும்போது மெதுவாகச் சுற்றும், கூடும்போது வேகமெடுக்கும். தண்ணீர் குறைவாக வந்தாலும் அது அதே கிணற்று நீர்தான், தரத்தில் மாற்றம் இல்லை. மேகம் கடந்தபோது நின்று மறுபடி ஓடினாலும் கெடுதல் இல்லை. ஒரே ஒரு வரம்பு உண்டு. வேகம் ஓரளவுக்குக் கீழே போனால் 48 மீட்டர் ஏற்றத்தை எட்ட முடியாமல் மோட்டார் சும்மா சுற்றும், நீர் மேலே வராது. நல்ல கன்ட்ரோலர் அந்த நிலையில் மோட்டாரை நிறுத்திவிடும்.

ஆர்.ஓ. இயந்திரம் அப்படியல்ல. அதன் பம்ப் மெதுவாகச் சுற்றினால் குறைந்த அளவு நல்ல நீர் கிடைக்கும், அவ்வளவுதான் என்று தோன்றும். உண்மையில் கிடைக்கும் நீரின் தரமும் சேர்ந்தே கெடுகிறது. காரணம் சவ்வின் இயல்பில் இருக்கிறது. நீர் சவ்வைக் கடப்பது அழுத்தத்தைப் பொறுத்தது. உப்பு கசிந்து கடப்பதோ இரு பக்கத்து உப்பின் வேறுபாட்டைப் பொறுத்தது, அழுத்தத்தை அது பொருட்படுத்துவதில்லை. இந்த ஊர் நீரில் உப்பின் எதிர்ப்பே சராசரியாக 2 பாருக்கு மேல் இருக்கும். 12 பார் கொடுக்கும்போது நீரைத் தள்ள மிஞ்சுவது 10 பாருக்குச் சற்றுக் குறைவு. அழுத்தம் 6 பாராகப் பாதியானால் மிஞ்சுவது 4 பாருக்கும் குறைவு. நல்ல நீரின் அளவு பாதிக்கும் கீழே விழுந்துவிடும். கசியும் உப்பின் அளவு மட்டும் அப்படியே இருக்கும். அதனால் வழக்கமாக 80 காட்டிக்கொண்டிருந்த டி.டி.எஸ். மீட்டர் 200ஐத் தொடும். குடிக்க 200 ஒன்றும் மோசமில்லை. ஆனால் கிணற்றில் ஃபுளோரைடோ நைட்ரேட்டோ இருந்தால் அவையும் இதே விகிதத்தில் கூடும் என்பதை மறக்கக் கூடாது.

ஆர்.ஓ. பம்புக்கும் வி.எஃப்.டி. பொருத்தலாம், ஆனால் ஒரு குறுகிய எல்லைக்குள் மட்டுமே அதற்கு இடம் கொடுக்க வேண்டும். வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் அழுத்தம் சுமார் 30 விழுக்காடு குறையும், மின்சாரத் தேவை சுமார் 40 விழுக்காடு குறையும். 50 ஹெர்ட்ஸில் சுற்றும் பம்பை 42 ஹெர்ட்ஸ் வரை இறங்க விடுவது என்பது இதுதான். அழுத்தம் எட்டு பாருக்கு மேல் இருக்கும், தரம் சற்றே தளரும், மெல்லிய மேகத்தைத் தாண்டிவிடலாம். அதற்கும் கீழே போனால் நிறுத்திவிடுவதுதான் முறை.

நிறுத்துவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இயந்திரம் நிற்கும் கணத்தில் சவ்வுக் குழலுக்குள் இருப்பது இருமடங்கு உப்பும் சுண்ணாம்பும் செறிந்த நீர். ஓடிக்கொண்டிருக்கும்வரை அது அடித்துக்கொண்டு போகும். நின்றுவிட்டால் சுண்ணாம்பு மெல்லப் படிகமாகிச் சவ்வின் மேல் ஒட்டும். அதனால் ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும் சில நிமிடங்கள் நல்ல நீரைச் செலுத்திக் குழலைக் கழுவ வேண்டும். மறுபடி தொடங்கும்போது முதல் சில நிமிட நீரைக் கழிவில் விட வேண்டும், நின்றிருந்த நேரத்தில் உப்பு அந்தப் பக்கம் கசிந்திருக்கும். ஒரு நாளைக்கு ஒரு முறை தொடங்கி ஒரு முறை நிறுத்தினால் இதனால் இழப்பு கொஞ்சம்தான். மேகத்துக்கு மேகம் பத்து முறை நின்று ஓடினால் கழுவும் நீரிலேயே பாதி வேலை போய்விடும், சவ்வும் காலத்துக்கு முன்பே அடைத்துக்கொள்ளும்.

நிலையத்தின் நேர அட்டவணை இந்த வேறுபாட்டிலிருந்துதான் பிறக்கிறது. நாளின் நடுவில் இருக்கும் சீரான ஒளி ஆர்.ஓ. இயந்திரத்துக்கு உரியது. காலையும் மாலையும் ஓரங்களில் கிடைக்கும் மங்கலான ஒளி கிணற்று மோட்டாருக்குப் போதும்.

ஒரு நாளின் அட்டவணை

இராமநாதபுரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ 12.15 மணிக்கு. அதை நடுவாக வைத்தால் ஆர்.ஓ. இயந்திரம் காலை 9.45 முதல் பிற்பகல் 2.45 வரை ஓடலாம். தெளிந்த நாளில் 9.45 மணிக்கு முழு வெயிலில் மூன்றில் இரண்டு பங்கு ஒளி கிடைத்துவிடும். வெப்பம், தூசு, இன்வர்ட்டர் இழப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் அந்த ஒளியில் இரண்டு கிலோவாட் எடுக்க நான்கு கிலோவாட் பேனல்கள் வேண்டும். கிணற்று மோட்டாரையும் அதே நேரத்தில் ஓட்ட நினைத்தால் கிட்டத்தட்ட ஆறு கிலோவாட் வேண்டியிருக்கும். நேரத்தை மாற்றி அடுக்கியதாலேயே பேனல்களில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகிறது.

நான்கு கிலோவாட்டோடு நிறுத்தாமல் 540 வாட் பேனல்கள் பத்தை வைப்பது நல்லது. 5.4 கிலோவாட் வரும், முப்பது சதுர மீட்டர் இடம் போதும். இந்தக் கூடுதல் புகைமூட்டமான நாளுக்காகவும் பேனல் மேல் படியும் புழுதிக்காகவும். இத்தனை பேனல்கள் இருந்தால் முழு வெயிலில் பாதி ஒளி இருந்தாலே ஆர்.ஓ. முழு வேகத்தில் ஓடும். பேனல்கள் தெற்கு நோக்கிச் சுமார் பத்து பாகை சாய்ந்திருக்கட்டும். இந்த அட்சரேகைக்கு அதுவே பொருத்தமான சாய்வு, மழை பெய்யும்போது தூசு தானே வழிந்துவிடவும் உதவும்.

கிணற்று மோட்டாருக்குக் காலை 8 மணி முதல் 9.45 வரை ஒரு வேளை. அந்த மங்கல் ஒளியிலும் பத்து பேனல்கள் ஒரு கிலோவாட்டுக்கு மேல் தரும். பிறகு 11.30 முதல் 12.30 வரை ஒரு மணி நேரம். அப்போது பேனல்கள் மூன்றரை கிலோவாட்டுக்கும் மேல் தருவதால் இரண்டு மோட்டார்களும் சேர்ந்தே ஓட முடியும். கடைசியாக 2.45 முதல் 4 மணி வரை. மொத்தம் நான்கு மணி நேரம்.

கிணற்றைப் பிரித்துப் பிரித்து இறைப்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. கடலோரத்தில் கிணற்றை ஒரே மூச்சில் பலமாக இறைத்தால் அடியிலிருக்கும் அதிக உப்பு நீர் மேலே இழுபடும். சிறிய மோட்டாரை வைத்து இடைவெளி விட்டு மெதுவாக இறைத்தால் கிணறு ஊறிக்கொள்ள நேரம் கிடைக்கும், நீரின் உப்பும் கட்டுக்குள் நிற்கும். சூரிய மின்சாரம் வைக்கும் கட்டுப்பாடும் கடலோரக் கிணற்றின் தேவையும் இங்கே ஒத்துப்போகின்றன.

இந்த அட்டவணைக்கு முதல் தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை நேரப்படி கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். முந்தின நாள் பிற்பகலில் ஏறியது சுமார் 3,400 லிட்டர், இன்று காலையில் ஏறியது 4,800. ஆக ஆர்.ஓ. தொடங்கும்போது தொட்டியில் 8,200 லிட்டர் இருக்கும். 11.30க்குள் அதில் 3,500 குறையும். அடுத்த ஒரு மணி நேரத்தில் 2,750 ஏறி 2,000 இறங்கும். 2.45க்கு ஆர்.ஓ. நிற்கும்போது மிஞ்சுவது ஏறத்தாழ 1,000 லிட்டர். வடிகட்டிகளைப் பின்னோட்டத்தில் கழுவ அது சரியாகப் போதும். பத்தாயிரம் லிட்டர் தொட்டி ஒன்றில் இந்த ஏற்ற இறக்கம் முழுவதும் அடங்கிவிடும்.

இந்தத் தொட்டி சின்னதாக இருந்தால் என்ன நடக்கும் என்பதைப் பல ஊர்களில் காணலாம். இரண்டாயிரம் லிட்டர் தொட்டியை வைத்துவிட்டு, கிணற்று மோட்டாரும் ஆர்.ஓ. இயந்திரமும் எப்போதும் சேர்ந்தே ஓட வேண்டிய நிலையை உண்டாக்கிவிடுகிறார்கள். காலை ஒளி கிணற்றுக்கும் பயன்படாமல் போகிறது, பத்தரை மணிக்கு முன்னால் எதுவும் ஓடுவதில்லை. பிறகு பேனல் பற்றாக்குறை என்று குறை சொல்லப்படுகிறது.

மின்சாரத்தைச் சேமிப்பதா, நீரைச் சேமிப்பதா

ஊர் மக்கள் தண்ணீர் பிடிக்க வரும் நேரம் விடியற்காலையும் மாலையும். சூரியனோ நடுப்பகலில்தான் வேலை செய்கிறது. இந்த இடைவெளியை ஏதாவது ஒரு சேமிப்பால்தான் நிரப்ப முடியும். பகல் மின்சாரத்தைப் பேட்டரியில் வைத்து மாலையில் இயந்திரத்தை ஓட்டலாம். அல்லது பகலிலேயே நீரைச் சுத்திகரித்துத் தொட்டியில் வைக்கலாம்.

இந்த நிலையத்தில் 5,000 லிட்டர் நல்ல நீரை உண்டாக்கக் கிணற்றுச் செலவும் சேர்த்து 13.6 யூனிட் ஆகிறது. அப்படியானால் 5,000 லிட்டர் நல்ல நீர் நிறைந்த தொட்டி 13.6 யூனிட்டைச் சேமித்து வைத்திருப்பதற்குச் சமம். அதே அளவை ஈய அமில பேட்டரியில் வைக்க வேண்டுமானால், பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது என்ற விதிப்படி 27 யூனிட் கொள்ளளவு வேண்டும். ஓர் அறை நிறைய பேட்டரிகள், அவற்றுக்கு வடிநீர் ஊற்ற ஓர் ஆள், சில ஆண்டுகளில் மொத்தமாக மாற்றும் செலவு. பிளாஸ்டிக் தொட்டிக்கு இவை எதுவும் இல்லை. விலையும் பேட்டரியில் ஒரு சிறு பங்குதான். லித்தியம் பேட்டரி வந்த பிறகு வேறுபாடு ஓரளவு குறைந்திருக்கிறது என்றாலும் தொட்டியே இன்னும் மலிவு.

ஆகவே நல்ல நீர்த் தொட்டியை ஒரு நாள் தேவைக்கு மட்டும் கட்டாமல் இரண்டு நாள் தேவைக்குக் கட்ட வேண்டும், அதாவது 10,000 லிட்டர். ஆளுயர மேடையில் வைத்தால் விநியோகத்துக்குத் தனிப் பம்பே வேண்டாம், நீர் தானாக இறங்கும்.

இதில் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. சுத்திகரித்த நீர் இரவு முழுவதும் தொட்டியில் நிற்கிறது. ஆர்.ஓ. நீரில் கிருமியைத் தடுக்கும் குளோரின் எதுவும் மிஞ்சியிருக்காது. மூடி சரியில்லாத தொட்டியில் கிருமிகள் மீண்டும் பெருகும். பல நிலையங்களில் புற ஊதா விளக்கைத் தொட்டிக்கு முன்னால் பொருத்தியிருக்கிறார்கள், அது இந்தப் பிரச்சினையைத் தீர்க்காது. விளக்கு இருக்க வேண்டிய இடம் தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவே, நீர் வெளியேறும் கணத்தில். இல்லையென்றால் தொட்டியில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சும்படி சிறிதளவு சேர்க்க வேண்டும்.

இந்த நிலையத்துக்குப் பேட்டரி தேவைப்படுவது இங்கேதான். புற ஊதா விளக்கு, அட்டை தட்டினால் நீர் திறக்கும் வால்வு, ஒரு மின்விளக்கு, கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் சேர்ந்தால் நூறு வாட்டுக்குள் அடங்கும். காலையும் மாலையுமாக ஆறு மணி நேரத்துக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல். வீட்டு இன்வர்ட்டரில் இருக்கும் 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றே இதற்குப் போதும். பெரிய மோட்டார்களை அந்த பேட்டரியோடு இணைக்கவே கூடாது. இணைத்தால் ஒரே மழைக்காலத்தில் அது வீணாகிவிடும்.

மேகம் வரும் நாள்கள்

இந்தக் கடலோரத்துக்கு மழை தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக் காற்று. அந்த வாரங்களில் ஆர்.ஓ.வுக்கு வேண்டிய பாதி ஒளி சில நாள்களில் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும், 2,000 லிட்டர்தான் உற்பத்தியாகும். நிறைந்த தொட்டியோடு அப்படிப்பட்ட மூன்று நாள்களைத் தொடங்கினால் 10,000 லிட்டரோடு 6,000 சேரும், 15,000 செலவாகும், 1,000 மிஞ்சும். நான்காவது நாளும் மேகம் இருந்தால் மின்வாரிய இணைப்பைத்தான் நாட வேண்டும். மழை ஊருணியை நிரப்பும் காலமும் அதுதான் என்பதால் சமையலுக்கு அந்த நீரைக் காய்ச்சிப் பயன்படுத்தும் வீடுகளில் தேவை சற்றுக் குறையும். வெயில் திரும்பியதும் தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட்டித் தொட்டியை மீண்டும் நிரப்பிவிடலாம்.

முழு மேகமூட்டத்தைவிட அலைக்கழிப்பது துண்டு மேகம். ஐந்து நிமிடம் வெயில், மூன்று நிமிடம் நிழல் என்று மாறும் நாளில் ஆர்.ஓ. ஓடி ஓடி நிற்கும். இதற்குக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பொறுமையைப் புகுத்த வேண்டும். ஒளி போதுமான அளவுக்கு மேல் பத்து நிமிடம் தொடர்ந்து நின்றால்தான் தொடங்குவது. ஒளி குறைந்ததும் உடனே நிற்காமல் 42 ஹெர்ட்ஸுக்கு இறங்கிச் சில நிமிடம் காத்திருப்பது. ஒரு மணி நேரத்தில் ஒரு முறைக்கு மேல் தொடங்காதிருப்பது. இந்த மூன்று விதிகளைப் பெட்டியில் எழுதுவதற்குத் தனிச் செலவில்லை, பெட்டியை அமைப்பவர் அக்கறை எடுத்துக்கொண்டால் போதும்.

அடர்ந்த மேகம் திடீரென மூடி மின்சாரம் அறுந்துபோனால் குழலைக் கழுவும் பம்பும் ஓடாது. அதற்கும் எளிய வழி இருக்கிறது. நல்ல நீர்த் தொட்டியிலிருந்து சவ்வுக் குழலுக்கு ஒரு குழாய் வைத்து, மின்சாரம் இருக்கும்போது மூடியும் இல்லாதபோது திறந்தும் இருக்கும் வால்வைப் பொருத்தலாம். மின்சாரம் போன கணமே வால்வு திறந்து, மேடை உயரத்தின் விசையில் நல்ல நீர் மெதுவாக இறங்கிக் குழலில் இருக்கும் உப்பு நீரை வெளியே தள்ளும். சில நிமிடத்தில் மூடிக்கொள்ள, அந்தச் சிறிய பேட்டரியில் ஓடும் ஒரு நேரக் கருவி போதும்.

மின்வாரிய இணைப்பு இருக்கும் ஊர்களில் நேரும் ஒரு தவறையும் குறிப்பிட வேண்டும். வீட்டுக் கூரைகளில் பொருத்தப்படும் இன்வர்ட்டர்களில் பெரும்பாலானவை மின்வாரிய மின்சாரம் இருந்தால் மட்டுமே வேலை செய்யும். கம்பத்தில் பழுது பார்ப்பவருக்கு ஆபத்து வரக் கூடாது என்பதற்காக, மின்வெட்டு வந்ததும் அவை தாமாகவே நின்றுவிடும். அப்படிப்பட்டதைக் குடிநீர் நிலையத்தில் வைத்தால் உச்சி வெயிலில் மின்வெட்டு வரும்போது பேனல்கள் சும்மா காய்ந்துகொண்டிருக்கும். தனித்தும் இணைந்தும் ஓடக்கூடிய ஹைப்ரிட் இன்வர்ட்டர் அல்லது நேரடி சோலார் டிரைவ் என்று வாங்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

பழுதைக் கண்டுபிடிப்பது

நிலையத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம். ஆர்.ஓ. தானாகத் தொடங்கிய நேரம், அழுத்தம், நல்ல நீரும் கழிவு நீரும் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், கிணற்று நீரின் டி.டி.எஸ்., நல்ல நீரின் டி.டி.எஸ். ஆகியவற்றைத் தினமும் ஒரே மணிக்கு எழுதினால் பெரும்பாலான பழுதுகள் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

தெளிந்த நாள்களில் 9.45க்குத் தொடங்கிய இயந்திரம் வாரத்துக்கு வாரம் பத்து, பத்தேகால் என்று தள்ளிப்போனால் பேனலில் தூசும் கடற்காற்றின் உப்பும் படிந்திருக்கின்றன. கழுவ வேண்டும், ஆனால் கிணற்று நீரால் கழுவக் கூடாது. காய்ந்ததும் அதன் உப்பு வெள்ளைப் படலமாகக் கண்ணாடியில் தங்கி ஒளியை மறைக்கும். நல்ல நீர் சில குடங்கள் போதும், காலை வெயில் ஏறும் முன் துடைத்துவிடலாம். கழுவிய பிறகும் குறிப்பிட்ட ஒரு மணியில் மட்டும் மின்சாரம் குறைந்தால் நிழலைத் தேட வேண்டும். வரிசையாக இணைத்த பேனல்களில் ஒன்றின் மேல் தென்னை ஓலையின் நிழல் விழுந்தாலும் வரிசை முழுவதும் பாதிக்கப்படலாம். நிலையம் கட்டிய ஆண்டில் இல்லாத நிழல் மூன்றாம் ஆண்டில் வளர்ந்து வந்திருக்கும்.

நல்ல நீரின் டி.டி.எஸ். காலையில் மட்டும் கூடுதலாகவும் நண்பகலில் வழக்கம்போலவும் இருந்தால் இயந்திரம் ஒளி போதாத நேரத்திலேயே தொடங்குகிறது என்று பொருள், தொடங்கும் எல்லையை உயர்த்த வேண்டும். நாள் முழுவதும் கூடுதலாக இருந்தால் சவ்விலோ அதன் வளையங்களிலோ கோளாறு. அழுத்தம் மாறாமல் நல்ல நீரின் அளவு மட்டும் வாரக்கணக்கில் குறைந்துகொண்டே வந்தால் சுண்ணாம்பு படிகிறது. படிவுத் தடுப்பு மருந்து சரியாகப் போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

வெயில் கொளுத்தும் நண்பகலில் ஆர்.ஓ. நின்றுபோவது பலரைக் குழப்பும். அப்போது சூரியனைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. முதல் தொட்டி காலியாகி மிதவை இயந்திரத்தை நிறுத்தியிருக்கும். கோடையில் இது அடிக்கடி நேரும். நீர்மட்டம் 40 மீட்டரிலிருந்து 55 மீட்டருக்கு இறங்கினால் அதே மோட்டார் மணிக்கு 2,000 லிட்டர் அளவுக்குத்தான் தரும். நான்கு மணி நேரத்தில் 8,000 லிட்டர்தான் ஏறும். நல்ல வேளையாகக் கோடையில் நண்பகல் வெயில் மிச்சமிருக்கும். கிணற்று மோட்டாரின் நண்பகல் வேளையை ஒரு மணியிலிருந்து இரண்டரை மணியாக நீட்டினால் பற்றாக்குறை தீர்ந்துவிடும், புதிய பேனல் எதுவும் வாங்க வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் அக்டோபரிலும், அட்டவணையைத் திருத்தி எழுதுவது நிலையத்தின் வழக்கமாக வேண்டும்.

கழிவு நீர் நாளொன்றுக்கு 5,000 லிட்டர் வெளியேறும், அதன் டி.டி.எஸ். 4,000ஐ நெருங்கும். அதை ஊருணியிலோ கிணற்றின் அருகிலோ விட்டால் அதே உப்பு திரும்பி வரும். தனித் தொட்டியில் பிடித்து ஊர்ப் பொதுக் கழிப்பறைக்குத் தருவது சரியான பயன்.

ஓர் ஊராட்சி இப்படிப்பட்ட நிலையத்துக்கு விலைப்புள்ளி கேட்கும்போது பேனல் எத்தனை கிலோவாட், இயந்திரம் மணிக்கு எத்தனை லிட்டர் என்பதோடு நிறுத்திவிடுவது வழக்கம். இரண்டு தொட்டிகளின் கொள்ளளவையும், எந்த மோட்டார் எந்த மணியில் ஓடும் என்ற அட்டவணையையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அந்த அட்டவணையைத் தர முடியாத நிறுவனத்திடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.